உச்சியில் படிந்த பொருக்கு

"என்னம்மா இது, பிள்ளைத் தலையில இவ்வளவு அழுக்கு? குளிப்பாட்டுறதே இல்லையா?" மகனுக்குப் பதினாறு நாள் ஆனபோது பார்க்க வந்த உறவுக்காரப் பெரியம்மா தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது. அவர் மனதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. மைலோ குடித்தார், பிள்ளை கையில் ஐம்பது வெள்ளியை வைத்தார், கிளம்பிப் போனார். ஆனால் அந்த 'அழுக்கு' என்ற சொல் எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை. அது என் மேல் விழவில்லை, அம்மா மேல் விழுந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டுவது அம்மாதான். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்த தோட்டத்தில், ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நடும் வரைக்கும், அம்மா ஆயாக் கொட்டகையில் வேலை செய்தார். பால்மரம் சீவப் போன தாய்மார்கள் விடியலில் விட்டுச் செல்லும் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தூங்க வைத்த கை அது. அந்தக் கையைப் பார்த்து ஒருவர் குளிப்பாட்டவில்லையா என்று கேட்டுவிட்டார்.

பொருக்கு தெரிய ஆரம்பித்தது இரண்டாவது வாரக் கடைசியில். முதலில் நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில், காய்ந்த பால் துளி மாதிரி ஒன்றிரண்டு செதில். நான்கே நாளில் உச்சி முழுக்க மஞ்சளாகப் படிந்துவிட்டது. விரலால் தொட்டால் உலர்ந்த பொடுகுபோல் உதிராது, பிசுபிசுப்பாக இருக்கும். ஆறிப்போன மெழுகை நகத்தால் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி. நடுவில் சில இடங்களில் பழுப்பு நிறம். புருவத்திலும் கொஞ்சம் செதில் இருந்தது. பிள்ளைக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. நன்றாகப் பால் குடித்தான், நன்றாகத் தூங்கினான், தலையைச் சொறியவோ துணியில் தேய்க்கவோ இல்லை. தொந்தரவெல்லாம் எங்களுக்குத்தான்.

பெரியம்மா போன அன்றிலிருந்து அம்மா எண்ணெயை இரண்டு மடங்காக்கினார். காலையில் குளிப்பாட்டியதும் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்து அழுத்துவார். சாயந்திரம் இன்னொரு தடவை. பொருக்கு ஊறிப் போய் தானாக உதிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. உதிரவில்லை. தடித்தது. இரண்டு நாள் கழித்து, பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு செதிலை நான் நகத்தால் நெம்பினேன். பாதி சுலபமாக வந்தது. மீதியை இழுத்தபோது அடியில் தோல் சிவந்து, ஊசிமுனை அளவு ரத்தம் எட்டிப் பார்த்தது. பிள்ளை அழவில்லை. நான்தான் அழுதேன். அந்தச் செதிலோடு நான்கைந்து முடியும் பிடுங்கி வந்திருந்தது.

மிஸி கேட்ட ஒரே கேள்வி

இருபதாம் நாள் கிளினிக்கிலிருந்து மிஸி வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல எடை பார்த்தார், தொப்புள் பார்த்தார், என் தையலைப் பார்த்தார். தலைத்துணியை விலக்கியதும், "ஓ, கெராக் கெப்பாலா" என்று சாதாரணமாகச் சொன்னார். மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். டாக்டர்கள் கிரேடல் கேப் என்பார்கள். அம்மா உடனே, கேட்காமலேயே, தினமும் இரண்டு வேளை குளிப்பாட்டுகிறேன், சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன் என்று மலாயில் சொல்ல ஆரம்பித்தார். மிஸி அவர் கையைப் பிடித்து, "மக்சிக், இது அழுக்கு இல்லை" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "எண்ணெய் வைக்கிறீங்க, சரி. எப்போ கழுவுறீங்க?"

அம்மாவிடம் பதில் இல்லை. எண்ணெய் வைப்பது குளிப்பாட்டிய பிறகு. அடுத்த தடவை குளிப்பாட்டும்போது அது போயிருக்க வேண்டும். ஆனால் போகாது. ஏன் போகாது என்பது, அம்மா எப்படிக் குளிப்பாட்டுவார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு கெண்டைக்காலுக்கு நடுவில் பிள்ளையைப் படுக்க வைப்பார். வலது கையால் வெந்நீரை மொண்டு ஊற்றுவார். தலைக்கு வரும்போது இடது கை தானாகப் போய் உச்சிக்குழியைக் குடைபோல மூடிக்கொள்ளும். தண்ணீர் சுற்றி ஓடும், உச்சியில் விழாது. சோப்பு பின்மண்டையிலும் காதோரத்திலும் படும், உச்சியில் படாது. உச்சியில் தண்ணீர் அடித்தால் சளி பிடிக்கும், விரல் அழுந்தினால் மூளையில் படும் என்று அவருக்கு அவர் அம்மா சொல்லிக் கொடுத்தது. ஆக, எண்ணெய் போகும் இடமும் அதுதான், தண்ணீர் போகாத இடமும் அதுதான். பொருக்கு அங்கே மட்டும் தடித்திருந்ததற்குக் காரணம் கண் முன்னாலேயே இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, பல வீடுகளில் இதே கதைதான் என்றார் மிஸி. பயந்து தொடாமல் விடும் இடத்தில்தான் இது மேலே மேலே அடுக்கும்.

அம்மாவின் விரலை எடுத்து மிஸி உச்சிக்குழி மேல் வைத்தார். டைமன் வடிவத்தில் மெத்தென்று இருக்கும், உள்ளே நாடி துடிப்பது விரலுக்குத் தெரியும். எலும்புகள் இன்னும் சேராத இடைவெளி அது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில் மூடிவிடும். ஆனால் திறந்து கிடக்கும் ஓட்டை இல்லை. தோலுக்கு அடியில் உறுதியான சவ்வு ஒன்று இழுத்துக் கட்டியதுபோல் இருக்கிறது. விரல் நுனியாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் தேய்ப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது அந்த இடம் புடைத்து நின்றாலோ, பள்ளமாக உள்ளே போயிருந்தாலோ அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். அப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேய்ப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

பொருக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் அம்மா கேட்டார். அவர் மனதில் இருந்தது என் பத்தியம். நான் கருவாடு சாப்பிட்டதால் வந்ததோ என்ற சந்தேகம். மிஸி இல்லை என்றார். பின்னால் குழந்தைகள் டாக்டரும் அதையே இன்னும் விளக்கமாகச் சொன்னார். வயிற்றில் இருந்தபோது தாயிடமிருந்து போன ஹார்மோன்கள் பிறந்த பிறகும் கொஞ்ச காலம் பிள்ளையின் உடம்பில் வேலை செய்கின்றன. அவை தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுவதாக நினைக்கிறார்கள். சுரக்கும் எண்ணெயில், உதிர வேண்டிய பழைய தோல் செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்கின்றன. அதோடு மலசேசியா என்ற ஒருவகை ஈஸ்டுக்கும் இதில் பங்கு இருப்பதாகக் கருதுகிறார்கள். அது நம் எல்லோர் தோலிலும் இருப்பதுதான், எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. யார் எத்தனை தடவை குளிப்பாட்டினார்கள் என்பதோ, தாய் என்ன சாப்பிட்டாள் என்பதோ இதில் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஹார்மோன் குறையக் குறைய, ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் போய்விடும். பலருக்கு அதற்கு முன்பே போய்விடும்.

ஈஸ்டு எண்ணெயைத் தின்னும் என்றால், நாங்கள் செய்துகொண்டிருந்தது என்ன? இரவு பகலாக அதற்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தோமோ என்று எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் கேட்டேன். கழுவாமல் விட்ட எந்த எண்ணெயும் பசைபோல இருந்து புதுச் செதிலையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் சந்தேகமே வேண்டாம் என்றார். செடியிலிருந்து வரும் எண்ணெய்களில் இருக்கும் கொழுப்பு அமிலங்களை மலசேசியா பயன்படுத்திக்கொள்ள முடியும், பேபி ஆயில் என்று கடையில் விற்கும் மினரல் ஆயிலை அப்படிப் பயன்படுத்த முடியாது, அதனால்தான் நான் அதையே சொல்கிறேன் என்றார். ஆலிவ் எண்ணெய் வேண்டாம் என்று தனியாகச் சொன்னார். அதில் அதிகம் உள்ள ஒலிக் அமிலம் தோலின் மேலடுக்கைப் பலவீனமாக்கும். கடலை எண்ணெயும் வேண்டாம். வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் இருக்கிறது என்றால் கொஞ்சமாக வைத்து நன்றாகக் கழுவிவிடுங்கள் என்றார்.

மிஸி செய்து காட்டிய மாதிரி

அன்று மிஸி செய்து காட்டியதை நாங்கள் மறுநாளிலிருந்து அப்படியே செய்தோம். எல்லாம் குளிப்பாட்டுவதற்கு முன்னால்தான், பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு தேக்கரண்டியில் பாதிகூட வராத அளவு பேபி ஆயிலை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் உரசி லேசாகச் சூடேற்றி, பொருக்கு உள்ள இடத்தில் மட்டும் விரல் நுனியால் தடவ வேண்டும். அப்புறம் பதினைந்து இருபது நிமிடம் சும்மா இருக்க வேண்டும். உச்சியில் இருந்ததுபோல் ரொம்பத் தடித்த பொருக்கு என்றால் ஒரு மணி நேரம் வரை விடலாம். அந்த நேரத்தில் நான் பால் கொடுத்து முடித்துவிடுவேன்.

அதன் பிறகு பிரஷ். பிள்ளைகளுக்கென்று விற்கும் மெல்லிய முடி பிரஷ். அதை வைத்து சின்னச் சின்ன வட்டமாக, ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கேட்டதற்கு மிஸி அதே பிரஷ்ஷை அம்மாவின் மூடிய கண்ணிமை மேல் ஓட்டிக் காட்டினார். அவ்வளவுதான் அழுத்தம். ஊறிய செதில்கள் பிரஷ்ஷில் மஞ்சள் தூள்போல ஏறும், எது தானாக வருகிறதோ அதுதான் அன்றைக்கு. பாதி தூக்கிக்கொண்டு நிற்பதைப் பிடித்து இழுக்கக் கூடாது, அது நாளைக்கு வரும். நகமும் பல் நெருக்கமான சீப்பும் கிட்டவே வரக் கூடாது. நான் நெம்பி ரத்தம் வந்த இடத்தை மிஸி பார்த்துவிட்டு, அது ஆறும் வரைக்கும் அதன் மேல் பிரஷ் போட வேண்டாம் என்றார். அந்த மாதிரிப் புண் வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது.

கடைசியாகக் கழுவுவது. எங்கள் வீட்டில் இத்தனை நாள் விட்டுப்போனது இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் தலையை நனைத்து, ஐந்து சென் காசு அளவு பேபி ஷாம்பூவை உச்சியிலும் சேர்த்துத் தேய்த்து, தண்ணீர் வழுவழுப்பில்லாமல் ஓடும் வரை அலச வேண்டும். எண்ணெய் போகவில்லை என்றால் இன்னொரு தடவை போடலாம். காதுக்குப் பின் மடிப்பில் நுரையும் எண்ணெயும் தங்கும், அங்கே தனியாகத் துடைத்து ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு எண்ணெய் கிடையாது, தொப்பியும் கிடையாது. நம் ஊர் வெக்கைக்கு அந்தக் கம்பளித் தொப்பி வியர்வையைத்தான் கூட்டும். முதல் நாள் அம்மாவின் இடது கை உச்சியை மூடப் போனது. பாதி வழியில் நின்றது. தண்ணீரை ஊற்றிவிட்டு, பிள்ளை முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை கொட்டாவி விட்டான்.

முதல் வாரம் தினமும் செய்தோம். நான்காம் நாள் ஓரங்கள் சுத்தமாகின. பத்து நாளில் உச்சியில் இருந்த தடிப்பு போய், அடியில் லேசான இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. முடியும் கொஞ்சம் போனது. திரும்ப வளரும் என்று மிஸி முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். நிறுத்தினால் செதில் மெல்லத் திரும்பும். சுரப்பி அடங்கும் வரை அப்படித்தான் இருக்கும், செய்த முறை தப்பு என்று அர்த்தம் இல்லை.

இதற்கு நடுவில் முப்பதாம் நாள் வந்தது. எங்கள் குடும்பத்தில் அன்றைக்குச் சாமி கும்பிட்டுப் பிள்ளைக்கு முடி இறக்குவார்கள். மொட்டை அடித்தால் பொருக்கும் சேர்ந்து போய்விடும் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். மிஸியிடம் போனில் கேட்டேன். சுரப்பிகள் தோலுக்குள் இருக்கின்றன, முடியை எடுப்பதால் அவை நிற்காது என்றார். மேடும் பள்ளமுமாக இருக்கும் பொருக்கு மேல் சவரக் கத்தி போனால் தோலும் சேர்ந்து சீவப்படும், தலை தெளியட்டும் என்றார். என் மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாவே போனை வாங்கிப் பேசினார். "சம்பந்தி, அன்னைக்குக் கத்திரிக்கோலால ஒரு கொத்து முடி மட்டும் எடுத்து சாமிக்கு வச்சிடுவோம். மொட்டையைத் தலை ஆறுனதும் போடுவோம். பிள்ளைத் தலையில ரத்தம் வந்தா சாமிக்கும் பிடிக்காது." மாமியார் மறுபேச்சுப் பேசவில்லை.

காதுக்குப் பின்னால்

நாற்பத்திரண்டாம் நாள். தலை கிட்டத்தட்டத் தெளிந்திருந்தது. ஆனால் வலது காதுக்குப் பின்னால், மடிப்பு ஓரத்தில், தோல் சிவந்து ஈரமாக மினுமினுத்தது. ஒற்றி எடுத்த துணியில் மஞ்சள் கறை, முகர்ந்தால் லேசான புளித்த வாடை. மறுநாள் கழுத்து மடிப்பிலும் அதே சிவப்பு. அம்மா மஞ்சள் பூசலாம் என்றார். அக்கா தன் மகளுக்கு வாங்கிய கிரீம் ஒன்று பாதி மீதம் இருக்கிறது, அனுப்பவா என்று கேட்டாள். அன்றே நாங்கள் குழந்தைகள் டாக்டரிடம் போனோம்.

அவர் தலையைப் பார்த்ததைவிட மற்ற இடங்களைத்தான் அதிகம் பார்த்தார். உடுப்பை முழுக்கக் கழற்றச் சொன்னார். கன்னம், முழங்கை, அக்குள், பேம்பர்ஸ் போடும் இடம், உள்ளங்கை எல்லாம் பார்த்தார். எடைப் புத்தகத்தைத் திருப்பினார். பால் குடிக்கிறானா, ராத்திரி தூங்குகிறானா, முகத்தைத் துணியில் தேய்க்கிறானா என்று கேட்டார். ஒவ்வொன்றையும் எதற்காகக் கேட்டேன் என்று கடைசியில் சொன்னார். கிரேடல் கேப் பெரும்பாலும் பிள்ளையைத் தொந்தரவு செய்யாது. அரிப்பில் தூங்காமல் புரண்டு, கன்னமும் கைகால்களும் வறண்டு சிவந்திருந்தால் அது எக்ஸிமாவாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. செதிலோடு வட்டமாக முடி கொட்டி, முடி பாதியில் ஒடிந்திருந்தால் படர்தாமரையா என்று பார்க்க வேண்டும். பொருக்கோடு கூட, அழுத்தினாலும் மறையாத சின்னச் சின்னச் செம்பழுப்புப் புள்ளிகள் தலையிலும் மடிப்புகளிலும் இருந்தாலோ, உடம்பெல்லாம் தோல் சிவந்து உரிந்து, விடாத வயிற்றுப்போக்கும் எடை ஏறாததும் சேர்ந்திருந்தாலோ, தோலுக்கு அடியில் வேறு நோய் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அது மிக அபூர்வம், ஆனால் அதற்காகத்தான் உடுப்பைக் கழற்றிப் பார்க்கிறேன் என்றார்.

என் மகனுக்கு அதெல்லாம் இல்லை. அதே கிரேடல் கேப்தான், மடிப்புகளுக்கு இறங்கியிருந்தது. ஈரமும் வெக்கையும் சேர்ந்து அங்கே ஈஸ்டு கூடியிருந்தது. கீட்டோகோனசோல் கிரீம் எழுதிக் கொடுத்து, எத்தனை வேளை, எத்தனை நாள், எவ்வளவு மெல்லிசாக என்று அட்டையில் குறித்தார். அக்காவின் கிரீமைப் பற்றிச் சொன்னேன். பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினார். ஸ்டீராய்டு உள்ள கிரீம் அது. பிள்ளைக்குத் தேவைப்பட்டால் நானே லேசான ஒன்றைச் சில நாளைக்கு மட்டும் தருவேன், ஒரு பிள்ளைக்கு எழுதியதை இன்னொரு பிள்ளைக்குப் பூசக் கூடாது என்றார். பெரியவர்களின் பொடுகு ஷாம்பூவும் வேண்டாம் என்றார். அவற்றில் சிலவற்றில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் பிள்ளையின் மெல்லிய தோல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும்.

எதற்குத் திரும்ப வர வேண்டும் என்றும் கேட்டு வாங்கிக்கொண்டோம். பொருக்குள்ள இடம் வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, சீழோ ரத்தமோ வந்தாலோ அன்றைக்கே வர வேண்டும். சிவப்பு முகத்துக்கும் உடம்புக்கும் பரவினாலோ, சில வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டாலோ, ஒரு வயது தாண்டியும் இருந்தாலோ காட்ட வேண்டும். மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரி தொட்டால், அது தோலால் வந்ததா வேறு எதனாலா என்று யோசிக்காமல், நடுராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அம்மா இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

கிரீம் போட்ட ஒரு வாரத்தில் காது காய்ந்தது. மொட்டை நான்காம் மாதத்தில் போட்டோம், கத்தி ஓர் இடத்தில்கூட இடறவில்லை. புருவத்தில் இருந்த செதில்தான் ரொம்ப நாள் நின்றது. வீட்டு வாசலில் உட்கார்ந்து, சாயந்திரம் குளிப்பாட்டும் முன், அம்மா எண்ணெய் தொட்ட விரலால் அந்தப் புருவத்தைத் தடவிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைத் துணியால் துடைப்பார். துணியில் மஞ்சளாக ஒரு கோடு விழும். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் துடைத்துவிட்டுத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சமையல்கட்டில் இருந்த என்னிடம் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். துணியில் ஒன்றும் இல்லை.